வெட்டாத துண்டு

ஊட்டி மார்க்கெட்டில் எங்கள் கடை ஒரு சந்துக்குள் இருக்கிறது. கயிறு, தார்ப்பாய், கேரட் மூட்டை கட்டும் சணல், வலை, சாக்கு ஆகியவைதான் எங்கள் சரக்கு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கயிறு வெட்டுவது என் வேலை. கணவர் எடை போடுவார், பேசுவார், டீ வாங்கிக் குடிப்பார். எனக்குப் பேசத் தெரியாது என்பதில்லை. நான் பேசினால் வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போய்விடுகிறார் என்பது அவருடைய அபிப்பிராயம்.

கயிறு வெட்டுவதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. கடையின் முன்பக்க மரத்தூணில் ஒரு ஆணி, உள்ளே பின்சுவரில் ஒரு ஆணி. இரண்டுக்கும் நடுவே சரியாக நாலு மீட்டர். கயிற்றை முன் ஆணியில் தொடங்கிப் பின் ஆணியைச் சுற்றித் திரும்பக் கொண்டுவந்தால் எட்டு மீட்டர். அங்கே வைத்து, அடுப்பில் காய்ந்த பிளேடால் ஒரு வெட்டு. நைலான் கயிற்றைச் சும்மா அறுத்தால் நுனி பிரிந்துகொள்ளும். சூட்டில் வெட்டினால் நுனி உருகி இறுகிவிடும். ஒவ்வொரு வெட்டுக்கும் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. வெட்டி விழுந்ததைச் சுருட்டிச் சாக்கில் போட வேண்டும். சுருளில் மிஞ்சுவது கடையுடையது. அதைத் தூக்கித் தலைக்கு மேலுள்ள கொக்கியில் மாட்ட வேண்டும். இருபது வருஷமாக இதையே செய்கிறேன். தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் கை தானாகச் செய்யும்.

அந்த ஜூன் மாதம் எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. சேரம்பாடிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் அக்கா இலை பறிக்கிறாள். லைன் வீடு. ஒரே நீளக் கூரையின் கீழே வரிசையாகப் பத்து வீடுகள், தகர ஷீட். அங்கே மழை மட்டும் வந்தால் பரவாயில்லை, கூடவே காற்றும் வரும். கூரைக்கு மேலே கயிறு போட்டு, இரண்டு பக்கமும் உரச்சாக்கில் மண் நிரப்பித் தொங்கவிடுவார்கள். முன்பக்கச் சாக்கிலிருந்து முகட்டைத் தாண்டிப் பின்பக்கச் சாக்குவரை, முடிச்சோடு சேர்த்து எட்டு மீட்டர் வேண்டும்.

அதற்கு முந்தைய வருஷம் அக்கா போன் செய்து தன் வீட்டுக்கு ஒரு கயிறு கேட்டாள். "அடுத்த வாரம் அனுப்பறேங்க்கா" என்றேன். அது சீசன் நேரம், கடையில் நிற்க இடமில்லை. அடுத்த வாரமும் போனது, அதற்கடுத்த வாரமும் போனது. நான் மறந்தே போனேன். பிறகு ஒரு நாள் அவளுடைய மகள் பேச்சுவாக்கில் சொன்னாள், அவர்கள் வீட்டு ஷீட் ஒன்று பறந்து தேயிலைக் காட்டில் விழுந்ததாம், அரிசி மூட்டை முழுக்க நனைந்ததாம். அக்கா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கயிறும் மறுபடி கேட்கவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிப் பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். பேசாமலிருக்கிறவர்களை என்ன செய்வது?

இந்தத் தடவை அந்த வீட்டில் பத்து நாள் குழந்தை இருந்தது. அக்கா மகளுக்குப் பிறந்தது. மழை எச்சரிக்கை என்று டிவியில் சொன்னார்கள். நானே போன் செய்தேன்.

"அக்கா, நாளைக்குக் கயிறோட வரேன்."

"வா கண்ணு. ஆனா எனக்கு மட்டும் கொண்டு வராதே. லைன்ல பத்து ஊடு இருக்குது."

"பத்துக்கும் கொண்டாரேன். என்ன பெருசு?"

பெரிசுதான் என்பது போனை வைத்த பிறகு தெரிந்தது. எச்சரிக்கை வந்ததும் ஆளாளுக்கு வந்து கயிறு வாங்கிப் போய்விட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டிய லாரி மலைப்பாதையில் மண் சரிந்து கீழேயே நின்றுவிட்டது. கடையில் மிஞ்சியது ஒரே ஒரு பச்சைச் சுருள். கணவர் அதை இரண்டு ஆணிக்கும் நடுவே போட்டுப் போட்டு அளந்தார். இருபது நடை. எண்பது மீட்டர். ஒரு சாண் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"உன்ற அதிர்ஷ்டம். பத்து எட்டு எண்பது" என்றார். "பத்து வெட்டு. பிளேட நல்லாக் காய வை."

"ஒன்பது வெட்டுங்க."

"பத்து துண்டுக்குப் பத்து வெட்டு. தினமும் அப்பிடித்தான வெட்டறே?"

எனக்குக் கோபம் ஏறியது. "தினமும் வெட்டறது பெரிய சுருள்ல இருந்துங்க. பத்து வெட்டுனா பத்து துண்டு விழும், மீதிச் சுருள் நம்மகிட்ட இருக்கும். இன்னிக்கு மீதி எங்க இருக்குது? பூராவும் துண்டுதான். வெட்டறதுக்கு முன்னாலயே கயிறு ஒரு துண்டு. ஒரு வெட்டுப் போட்டா ரெண்டு. ரெண்டு வெட்டுப் போட்டா மூணு. ஒவ்வொரு வெட்டும் ஒண்ணைத்தான் கூட்டும். ஒன்பது போட்டா பத்து. பத்தாவது வெட்ட நான் எங்க போடறது, உங்க தலையிலயா?"

அவர் டீ குடிக்கப் போய்விட்டார். நான் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். நுனிகளை எண்ணிப் பார்த்தாலும் அதே கணக்குதான் வரும். பத்துத் துண்டுக்கு இருபது நுனி. கயிற்றுக்கு முதலிலேயே இரண்டு நுனி இருக்கிறது. ஒரு வெட்டு இரண்டு நுனி கொடுக்கும். ஒன்பது வெட்டு பதினெட்டு. ஆக இருபது.

அவரை ஜெயித்த சந்தோஷத்தில் மளமளவென்று வெட்டினேன். இழுப்பது, பிளேடை வைப்பது, பொசுங்கிய நைலான் நாற்றம், சுவரில் ஒரு கோடு, சுருட்டிச் சாக்கில் போடுவது. மனசு முழுக்கப் பேருந்து நேரத்திலேயே இருந்தது. ஒன்பதாவது கோடு போட்டேன். ஒன்பது வெட்டு, கணக்கு சரி. பிளேடைத் தண்ணீரில் முக்கினேன், சாக்கின் வாயைக் கட்டினேன், காலையில் எட்டு மணிப் பேருந்தைப் பிடித்தேன்.

கூடலூர் போய்ச் சேரும்வரை என் கால் ஆடிக்கொண்டே இருந்தது. பைக்காராவில் பனி, நடுவட்டத்தில் மழை. ஓட்டுநர் ஒவ்வொரு வளைவிலும் ஆற அமரத் திருப்பினார். அவரை எழுப்பிவிட்டு நானே ஓட்டலாமா என்றிருந்தது. பக்கத்து இருக்கைக்காரம்மா, "சாக்குல என்னங்க, கோழியா? தொட்டுத் தொட்டுப் பாக்கறீங்க" என்றார். கயிறு என்றேன். கயிறு எங்கேயும் ஓடாதுங்க என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூடலூரில் பேருந்து மாறினேன். தேவாலா தாண்டியதும் காற்று ஜன்னல் ஷட்டரை அடித்துக்கொண்டே வந்தது.

லைனுக்குப் போய்ச் சேரும்போது பன்னிரண்டரை மணி. வாசலுக்கு வாசல் உரச்சாக்குகள் மண்ணோடு தயாராக இருந்தன. அக்கா தலையில் துண்டோடு நின்றாள். "சாப்டியா?" என்றாள். முதலில் கயிறு, பிறகு சோறு என்றேன்.

லைனின் ஒரு முனையை உயரமான மண்திட்டு மறைத்திருக்கிறது. மறுமுனை பள்ளத்தாக்கைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. காற்று வருவது அந்தப் பக்கத்திலிருந்துதான். அந்த முனை வீடுதான் அக்கா வீடு. நம் கையால் கொடுக்கும்போது நம் வீட்டுக்குக் கடைசியில்தானே எடுத்துக்கொள்வோம்? அதனால் மண்திட்டுப் பக்கத்து வீட்டில் ஆரம்பித்தேன். வாசலுக்கு ஒரு துண்டு. ஒவ்வொருவரும் வாங்கி நீளம் பார்த்தார்கள், "நல்ல கயிறுங்க" என்றார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒன்பதாவது வாசலில் கொடுத்துவிட்டுப் பத்தாவதற்காகச் சாக்கில் கையை விட்டேன்.

சாக்கு காலி.

உதறினேன். தலைகீழாகப் பிடித்தேன். மண்ணில் உட்கார்ந்து சாக்கின் மூலையெல்லாம் தடவினேன். பேருந்தில் எவனோ எடுத்துவிட்டான் என்று ஊரில் உள்ள அத்தனை பேரையும் திட்டினேன். அக்கா என் கையிலிருந்து சாக்கை வாங்கி மடித்தாள். கதவுக்குப் பின்னால் குழந்தை சிணுங்கியது.

சிக்னலுக்காக மண்திட்டின் மேல் ஏறிக் கணவருக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்க, வெட்டுன எடத்துல பாருங்க. கீழ ஏதாச்சும் கெடக்குதா?"

"கீழ ஒண்ணும் இல்லை. கொக்கியில ஒரு பச்சைச் சுருள் தொங்குது. மீதிதானே, அதை எதுக்குக் கேக்கறே?"

"அளந்து பாருங்க."

கொஞ்ச நேரம் அவர் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. "எட்டு மீட்டர்" என்றார். பிறகு மெதுவாக, "செவுத்துல ஒன்பது கோடு இருக்குது. வெட்டெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கே."

வெட்டெல்லாம் சரிதான். பத்தாவது துண்டுக்கென்று தனியாக ஒரு வெட்டு இல்லை. வெட்டி விழாததால் அது சாக்குக்குப் போகவில்லை. என் கை அதை மீதிச் சுருளென்று நினைத்துத் தூக்கிக் கொக்கியில் மாட்டிவிட்டது. அவருக்கு அத்தனை பாடம் எடுத்தவள் நான். பத்து வெட்டு என்று அவர் சொன்னபடி விட்டிருந்தால்கூட, ஒன்பதோடு வெட்ட ஒன்றும் இல்லாமல் போய், கையில் இருப்பதைப் பத்தாவதாகச் சாக்கில் போட்டிருப்பேன். அன்றைக்கு என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"மத்தியானப் பஸ்ல கண்டக்டர்கிட்டக் குடுத்துவுடறேன். பதறாதே" என்றார். பதறாதே என்று சொன்னால் பதற்றம் நின்றுவிடுமா?

இறங்கி வந்து விஷயத்தைச் சொன்னேன். நாலாவது வீட்டுப் பெரியவர் இலங்கையிலிருந்து சிறுபிள்ளையாக வந்தவர், தேயிலை பேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கூரையை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தார். லைன் வீட்டைக் காம்பரா என்றுதான் சொல்வார்.

"காம்பரா பத்து. நடுச்சுவர் எத்தனை, எண்ணுங்க பாப்பம்."

ஒன்பது.

"அப்ப கயித்தைக் காம்பரா நடுவுல போடாம, சுவர் இருக்கிற இடத்துல போடுவம். ஒரு கயிறு ரெண்டு பக்கத்துத் தகரத்தையும் பிடிச்சுக்கும். ஒருத்தருக்கும் கயிறு இல்லையெண்டு வராது."

வரிசையாக இருக்கும் பத்து வீடும் கயிறு போலத்தான். ஒன்பது இடத்தில் பிரித்தால் பத்து. என் கணக்கு எனக்கே உதவிக்கு வந்தது போல ஒரு நிமிஷம் மூச்சு விட்டேன். எல்லோருமாக ஏணி வைத்து, ஒன்பது சுவருக்கு நேர் மேலே ஒன்பது கயிறு போட்டோம். சாக்குகள் இரண்டு பக்கமும் தொங்கின. அக்கா வீட்டில் பக்கத்து வீட்டை ஒட்டிய உள்பக்கத் தகரம் கல் மாதிரி நின்றது.

ஆனால் வெளிப்பக்கம்? நடுச்சுவர்களை எண்ணினால் ஒன்பது. இரண்டு முனைச் சுவர்கள் அந்த எண்ணிக்கையில் இல்லை. மண்திட்டுப் பக்கம் காற்றுப் படாது, பிழைத்துக்கொள்ளும். பள்ளத்தாக்குப் பக்க ஓரம், அக்கா வீட்டு ஓரம், வெறுமனே கிடந்தது.

அக்காவைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனேன். "அக்கா, அந்தக் கோடி ஊட்டுக்கு மண்திட்டு மறைக்குது. அவங்க பக்கத்துக் கயித்த அவுத்து இங்க போட்டுக்கலாம். ஒரு ராத்திரிதான். நாளைக்குக் கயிறு வந்துரும்."

"வேண்டாம்."

"கொழந்தை இருக்குதுக்கா!"

"அவங்க ஊட்டுலயும் ஆளு இருக்குதில்ல? லைன்ல ஒரு ஊட்டுக்கு மட்டும் கயிறு இல்லைன்னா ராத்திரி எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியும் கண்ணு. போன வருசம் பாத்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சோறு ஆறுது என்று சொல்கிற குரலில் சொன்னாள். எனக்குத்தான் முகம் எரிந்தது. ஒரு வருஷமாக அவள் வாயிலிருந்து வர வேண்டுமென்று காத்திருந்த பேச்சு, வந்தபோது என்னால் தாங்க முடியவில்லை.

பழைய கேபிள் வயர் இருந்தது. அதை ஓரத்துக்குப் போட்டு மண்சாக்கு கட்டினோம். நான் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ரோட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மாலைப் பேருந்து வரவில்லை. நடுவட்டத்தில் மரம் விழுந்து ரோடு அடைத்துவிட்டதாம், எங்கள் கயிறு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. இருட்டுவதற்கு முன்னால் அக்கா மகளையும் குழந்தையையும் ஐந்தாவது வீட்டுக்கு அனுப்பினோம். அக்கா தன் வீட்டை விட்டு வரமாட்டேன் என்றாள். நானும் அவளோடு இருந்தேன். அந்த ராத்திரியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காற்று வந்தது, வயர் அறுந்தது, நாங்கள் இரண்டு பேரும் அரிசியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு உள்பக்கச் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம்.

விடிந்ததும் பார்த்தோம். ஒன்பது கயிறும் அப்படியே இருந்தன. ஒன்பது வீட்டில் ஒரு ஷீட்கூட அசையவில்லை. அக்கா வீட்டு ஓரத்து ஷீட் மட்டும் நோட்டு அட்டை மடங்கினாற்போல் மேலே மடங்கிக் கிடந்தது. அதற்கு நேர் கீழே தொட்டில் கட்டும் கொக்கி. தொட்டில் துணி தண்ணீர் கோத்துத் தரைவரை தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா மகள் குழந்தையோடு வந்து வாசலில் நின்று அதைப் பார்த்தாள். பிறகு குழந்தையின் தலையைத் தோளோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள்.

ரோடு திறந்து, பத்து மணிப் பேருந்தில் கயிறு வந்தது. கண்டக்டர் ஜன்னல் வழியாகத் தூக்கிப்போட்டார். கணவர் அதைச் சணலால் கட்டி, ஒரு சீட்டில் "பத்து" என்று எழுதிச் செருகியிருந்தார். வேறு நாளாக இருந்தால் அதற்காகவே போன் போட்டுத் திட்டியிருப்பேன்.

பெரியவரும் இன்னும் இரண்டு பேரும் ஷீட்டை வளைத்து நேராக்கினார்கள். அக்கா யாரையும் ஏறவிடவில்லை, தானே ஏணியில் ஏறினாள். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டேன். கயிற்றை முகட்டுக்கு மேலே வீசி, நுனியைத் தடவிப் பார்த்தாள்.

"ரெண்டு நுனியும் உருகித்தான் இருக்குது. இதையும் வெட்டித்தானே எடுத்தே? அப்புறம் எப்பிடி மறந்தே?"

"இல்லக்கா. ஒரு நுனி கயிறு பேக்டரியிலயே உருக்கி வெச்சது. இன்னொண்ணு ஒன்பதாவதை வெட்டறப்ப வந்தது. இதுக்குன்னு நான் தனியா ஒரு வெட்டும் போடல. மத்த ஒன்பதுக்கும் அடுப்ப மூட்டி, பிளேடக் காய வெச்சு வெட்டுனேன். கடைசித் துண்டு சும்மாவே கெடைச்சது. அதான் எண்ணத் தோணல."

அவள் முடிச்சை இறுக்கி, சாக்கின் கனம் கயிற்றில் இறங்குகிறதா என்று இழுத்துப் பார்த்தாள். இறங்கியது. பிறகு மேலிருந்தே சொன்னாள்.

"அது சரி. நானும் போன வருசம் ஒருக்காத்தான் கேட்டேன். மறுக்கா கேட்டு உனக்கு வேலை வெக்கல. வேலை வெக்காததை நீ மறந்துருவே கண்ணு."

குனிந்து என்னைப் பார்க்கக்கூட இல்லை. அடுத்த சாக்குக்காகக் கையை நீட்டினாள். சாக்கை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவள் இறங்கும்வரை ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.